தடித்த எழுத்து எந்தச் சொல்லில் நிற்க வேண்டும்?

திரை: ஏ4 தாளில் ஓர் அறிவிப்பு. தலைப்பு சிவப்பு நிறத்தில். ஏழு வரிகளில் ஐந்து தடித்த எழுத்தில். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சரிக்குறி.

குரல்: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் அருகே ஒட்டப்பட்டிருந்த அறிவிப்பு இது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் நாளில் தண்ணீர் எப்போது நிற்கும் என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேட, நான் இதை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. இதே தாளைத் திருத்திப் பார்ப்போம்.

திரை: தொட்டி நீரை ஞாயிறு காலை வரை குடிக்கப் பயன்படுத்த வேண்டாம். "குடிக்கப் பயன்படுத்த" மட்டும் தடித்த எழுத்தில்.

குரல்: இந்த வரியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. "வேண்டாம்", "கூடாது", "வராது" போன்ற மறுப்பும் அங்கேதான் நிற்கிறது. போகிற போக்கில் பார்ப்பவரின் கண் தடித்த சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு நகரும் என்பதால், இங்கே அவருக்குக் கிடைப்பது "குடிக்கப் பயன்படுத்த" என்பது மட்டுமே, அதாவது சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருள். மறுப்புச் சொல்லை விட்டுவிட்டுத் தடிப்பாக்குவது தமிழில் மிக எளிதாக நேர்ந்துவிடும் பிழை; தடிக்காமல் விட்டிருந்தால்கூடப் பாதகமில்லை என்றே நான் சொல்வேன்.

திரை: குடிக்க வேண்டாம்: ஞாயிறு காலை வரை குழாய் நீரில் குளோரின் வாடை இருக்கும். "குடிக்க வேண்டாம்" மட்டும் தடித்த எழுத்தில்.

குரல்: செய்தியை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டு வந்து, மறுப்பையும் சேர்த்துத் தடித்திருக்கிறோம். முதல் வரியும் இப்படியே மாறுகிறது: "சனி காலை 9 முதல் மாலை 5 வரை தண்ணீர் வராது." பழைய தாளில் "அன்பான குடியிருப்போர் கவனத்திற்கு" என்ற விளிப்பும் "மேல்நிலைத் தொட்டி" என்ற பெயரும் தடித்திருந்தன. அவற்றைச் சாதாரண எழுத்துக்கு மாற்றிவிட்டோம், ஏனெனில் யாரும் அவற்றைத் தேடி வருவதில்லை. இப்போது தடித்த சொற்களை மட்டும் மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அவை மட்டுமே செய்தியைச் சொல்லிவிடுகின்றன என்றால் இடம் சரி. சொல்லவில்லை என்றால் தடிப்பு தவறான சொல்லில் விழுந்திருக்கிறது.

திரை: "இ", "ஞ்", "ண்" ஆகிய எழுத்துகள் இரண்டு எழுத்துருக்களில், பெரிதாக்கப்பட்டு.

குரல்: தமிழில் ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. சாய்வெழுத்தும் நம் எழுத்து மரபில் வளர்ந்ததன்று. பெரும்பாலும் கணினியே நேரெழுத்தை ஒருக்களித்துக் காட்டுகிறது. ஆகவே அழுத்தம் தரும் வேலை பெரும்பகுதி தடிப்பின் மீதே விழுகிறது. ஆனால் எழுத்துருவுக்கென்று தனியாக வரையப்பட்ட தடித்த வடிவம் இல்லாதபோது, மென்பொருள் கோட்டை மட்டும் பருமனாக்கிவிடுகிறது. அப்போது "ண"வின் சுழிகள் அடைபட்டு, புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் பல பருமன்கள் தனித்தனியே வரையப்பட்டிருப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. எந்த எழுத்துருவாக இருந்தாலும், 11 புள்ளி அளவில் "ண்" என்று அச்சிட்டு, சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள்.

அளவைப் பொறுத்தவரை இரண்டு படிகள் போதும். இந்தத் தாளில் தலைப்பு 24 புள்ளி, மற்றவை 14. தலைப்பு 15 புள்ளியாக இருந்திருந்தால் அது கைத்தவறாகத் தோன்றுமே தவிர, தலைப்பாகத் தோன்றாது. லிப்ரே ஆபிஸில் தலைப்புப் பாணியின் அளவை மாற்றியும் தமிழ் எழுத்து அசையவில்லை என்றால், இந்திய மொழிகளுக்கான அளவு அங்கே தனிப் பெட்டியில் இருப்பதே காரணம். அதையும் மாற்ற வேண்டும்.

திரை: சரிக்குறிகள் மறைந்து, சிறிய வட்டப் புள்ளிகள் தோன்றுகின்றன.

குரல்: சரிக்குறியை ஏன் நீக்கினோம்? "வாளிகளில் நீர் பிடித்து வைக்கவும்" என்ற வரிக்கு முன் அது நின்றால், வேலை முடிந்துவிட்டது என்ற பொருள் வருகிறது. சிறு கோடு போட்டாலும் சிக்கல் உண்டு. "- 200 ரூபாய்" என்று எழுதினால் கழித்தல் குறியாகிவிடும். அந்தச் சரிக்குறிக்கு இன்னொரு குறையும் இருந்தது. அது விங்டிங்ஸ் எழுத்துருவிலிருந்து எடுத்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டும்போது கட்டமாகவோ, `ü` என்ற எழுத்தாகவோ மாறிவிடும். சாதாரண `•` யூனிகோடில் உள்ள குறி என்பதால் இந்த ஆபத்து மிகக் குறைவு.

கடைசி இரண்டு வரிகளுக்கு மட்டும் வட்டப் புள்ளி போடவில்லை. முதலில் குழாயைத் திறந்து கலங்கல் நீரை வெளியேற்ற வேண்டும், பிறகே வடிகட்டும் இயந்திரத்தை இயக்க வேண்டும். வரிசை மாறினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால், அங்கே 1, 2 என்ற எண்கள் நிற்கின்றன.