பிரேக் கிளாஸ்: கடை லீஸை இடையில் முடிக்கும்போது

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ் எடுத்துக் கடை நடத்துகிறவர்களுக்கான பேச்சு இது. ஸ்கொட்லாந்துச் சட்டம் வேறு. அதை இங்கே தொடவில்லை.

பத்து ஆண்டு லீஸில், ஐந்தாம் ஆண்டு முடிவில் விலகலாம் என்று ஒரு விதி இருக்கும். அதுதான் பிரேக் கிளாஸ். விலகும் உரிமை இருக்கிறது என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதே பத்தியில் "பின்வரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று தொடரும் நான்கு வரிகளைத்தான் மறந்துவிடுவார்கள். ஒரு நிபந்தனை தவறினாலும் லீஸ் முடியாது, மீதி ஐந்து ஆண்டு வாடகையும் உங்கள் தலையில்தான். நிபந்தனையில் குறை இருக்கிறது என்று முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லும் கடமை கட்டட உரிமையாளருக்குப் பொதுவாகக் கிடையாது. குத்தகைக்காரர் தவறுவது அவருக்கு லாபம் என்பதால், கெடு தாண்டும்வரை அவர் பேசாமல் இருப்பார்.

ஒரு கடையை எடுத்துப் பார்ப்போம். லீஸ் தொடக்கம் 2023 மே 1, பத்து ஆண்டு. பிரேக் திகதி 2028 ஏப்ரல் 30. குறைந்தது ஆறு மாத எழுத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தத் திகதியில் வாடகைப் பாக்கி இருக்கக் கூடாது; கடையைக் காலியாக ஒப்படைக்க வேண்டும். ஆண்டு வாடகை 40,000 பவுண்டு, மேலே வாட் 20 சதவீதம்.

முதலில் நோட்டீஸ். ஆறு மாதம் என்றால் 2027 ஒக்டோபர் 30 கடைசி நாள் என்று கணக்கு வரும். அந்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். கெடுவில் ஒரு நாள் பிந்தினாலும் நீதிமன்றம் இரங்காது. ஓகஸ்டிலேயே கொடுத்துவிட்டால், பிழை தெரிந்து இரண்டாவது நோட்டீஸ் கொடுக்கவும் நேரம் மிஞ்சும்.

யார் பெயரில் கொடுப்பது என்பதில்தான் நம் கடைகளில் அதிகம் சிக்கல் வரும். லீஸ் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் சேர்ந்தே கொடுக்க வேண்டும். லீஸ் உங்கள் பெயரிலும் வியாபாரம் உங்கள் லிமிட்டெட் கம்பனி பெயரிலும் இருந்தால், கம்பனியின் கடிதத்தாளில் கம்பனி பெயரால் கொடுத்த நோட்டீஸ் செல்லாமல் போகலாம். ஓடுகிற கடையை இன்னொருவரிடமிருந்து வாங்கியவர் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பிரேக் உரிமை முதல் குத்தகைக்காரருக்கு மட்டும் உரியது என்று லீஸ் சொல்கிறதா? லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் லீஸ் உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? பதிவான லீஸில் அந்த மாற்றம் முடியும்வரை, சட்டத்தின் பார்வையில் குத்தகைக்காரர் பழையவர்தான். உங்கள் நோட்டீஸ் நிற்காது. எதிர்ப்பக்கமும் அப்படியே. கட்டடம் கைமாறியிருக்கலாம். வாடகை வாங்கும் ஏஜென்ட் உரிமையாளர் அல்ல. ரெஜிஸ்ட்ரியில் அன்றைய உரிமையாளர் பெயரை எடுத்து, லீஸ் சொல்லும் முகவரிக்கு, லீஸ் சொல்லும் வழியில் அனுப்புங்கள். லீஸ் அனுமதித்தாலன்றி மின்னஞ்சலை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

நோட்டீஸில் சின்னப் பிழை இருந்தால்? 1997இல் மன்னாய் வழக்கில், ஜனவரி 13 என்று எழுத வேண்டிய இடத்தில் குத்தகைக்காரர் ஜனவரி 12 என்று எழுதிவிட்டார். என்ன சொல்ல வருகிறார் என்று படிப்பவருக்குப் புரியும் என்பதால், பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த நோட்டீஸை ஏற்றது. ஆனால் அதே வழக்கில் ஹொஃப்மன் பிரபு ஒரு எல்லையும் போட்டார்: நீலத்தாளில் நோட்டீஸ் கொடு என்று விதி சொன்னால், இளஞ்சிவப்புத் தாளில் எவ்வளவு தெளிவாக எழுதினாலும் பயனில்லை. அதன்படியே 2014இல் ஒரு வழக்கு முடிந்தது. நோட்டீஸ் ஒரு குறிப்பிட்ட சட்டப் பிரிவின் கீழ் தரப்படுகிறது என்று அதில் எழுத வேண்டும் என லீஸ் கேட்டது. அந்த வாசகத்தை விட்டதற்காகவே நோட்டீஸ் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆகவே பிரேக் கிளாஸின் சொற்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டீஸை எழுதுங்கள்.

அடுத்தது பணம். நமது உதாரணத்தில் காலாண்டு வாடகை மார்ச் 25இல் முன்பணமாகக் கட்ட வேண்டியது. அது ஜூன் 23 வரைக்கும், அதாவது 91 நாளுக்கு. நீங்கள் இருக்கப் போவது ஏப்ரல் 30 வரை, 37 நாள்தான். 37 நாளுக்குச் சுமார் 4,066 பவுண்டும் வாட்டும் கட்டினால் போதுமே என்று தோன்றும். போதாது. மார்ச் 25இல் கடமை முழுக் காலாண்டுக்கும் விழுந்துவிடுகிறது. 10,000 பவுண்டும் 2,000 வாட்டும் சேர்த்து 12,000 முழுவதும் கட்டினால்தான் நிபந்தனை நிறைவேறும்.

மீதி 54 நாளின் பணம் திரும்ப வருமா? பாடிங்டன் கட்டட வழக்கில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் இதைத்தான் கேட்டது. திருப்பித் தரும் விதி லீஸில் எழுதப்படவில்லை, நாமாக அதைச் சேர்த்து வாசிக்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. புது லீஸ் பேசுகிறவர்கள் "பிரேக் திகதிக்குப் பிந்திய வாடகையைத் திருப்பித் தர வேண்டும்" என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். நமது கடையில் அந்த வரியின் விலை, வாட் நீங்கலாக, கிட்டத்தட்ட 5,900 பவுண்டு.

பெரிய தொகையை விடச் சில்லறைதான் ஆளைக் கவிழ்க்கும். அவோசெட் வழக்கில், முன்பு வாடகை பிந்திக் கட்டியதற்கான வட்டி சுமார் 130 பவுண்டு பாக்கி. உரிமையாளர் அதைக் கேட்கவே இல்லை. ஆனாலும் லீஸ்படி அது கட்ட வேண்டிய பணம் என்பதால் பிரேக் தோற்றது. உங்கள் நிபந்தனை "வாடகை" என்கிறதா, "இந்த லீஸின் கீழ் உள்ள எல்லாத் தொகையும்" என்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் காப்புறுதி, சேர்விஸ் சார்ஜ், வட்டி எல்லாம் அதற்குள் வரும். நோட்டீஸ் கொடுத்த கையோடு, பாக்கி என்ன என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பிந்திய ஒவ்வொரு கட்டணத்துக்கும் நீங்களே வட்டி கணக்கிட்டு, கொஞ்சம் கூட்டியே, ஆட்சேபணை குறித்துக்கொண்டு கட்டுங்கள். பணம் அவர் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும்; அனுப்பிவிட்டோம் என்பது போதாது.

மூன்றாவது, காலி செய்தல். இதில் ஆட்கள், பொருட்கள், வேறொருவரின் குடியிருப்பு உரிமை என்ற மூன்றைப் பார்ப்பார்கள். 2011இல் முடிந்த வழக்கொன்றில், பிரேக் திகதிக்குப் பிறகும் சில நாள் பழுதுவேலை ஆட்களையும் காவலாளியையும் களஞ்சியத்தில் வைத்திருந்த கம்பனி தோற்றது. நல்லெண்ணத்தோடு வேலையை முடிக்கத்தான் நின்றார்கள்; ஆனாலும் அது காலி இல்லை. 2016இல் கழற்றக்கூடிய தடுப்புச் சுவர்களை விட்டுப்போனதும் பிழையாயிற்று. கடைக்காரர் என்றால் ஃப்ரிட்ஜ், கோல்ட் ரூம், ராக்கைகள், பின்முற்றத்துப் பெட்டிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குள் வரும். எது கழற்ற வேண்டியது, எது கட்டடத்தோடு சேர்ந்தது என்று சொலிசிட்டரிடம் மூன்று மாதம் முன்பே கேளுங்கள்.

மேல்மாடி ஃப்ளாட்டில் வேலையாளோ வாடகைக்காரரோ இருந்தால் அது இன்னும் பெரிய வேலை. அவரை எழுப்பத் தனிச் சட்ட நடைமுறை உண்டு, மாதக்கணக்கில் ஆகும். ஆகவே அதை நோட்டீஸுக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

"லீஸின் எல்லா விதிகளையும் நிறைவேற்றியிருக்க வேண்டும்" என்று நிபந்தனை போடும் லீஸ்களும் உண்டு. அதைக் கண்டால் கையெழுத்துப் போடாதீர்கள். பூச்சு உதிர்ந்த ஒரு ஜன்னலே பிரேக்கைக் கெடுத்துவிடும். கட்டட அளவையாளர்களின் சங்கமான ஆர்.ஐ.சி.எஸ்ஸின் 2020 கோட்பாடு, அடிப்படை வாடகை, இடத்தை விட்டு விலகுதல், உள்குத்தகை இல்லாமை ஆகியவற்றோடு நிபந்தனைகள் நிற்க வேண்டும் என்கிறது. பேரம் பேசும்போது அதைக் காட்டலாம்.

ஏப்ரல் 30 அன்று நள்ளிரவுக்கு முன் சாவி எல்லாவற்றையும் கொடுத்து, திகதியிட்ட ரசீது வாங்குங்கள். வெறுமையான அறைகளைப் படம் எடுத்து வையுங்கள். லீஸ் முடிந்த பிறகும் பழுதுபார்ப்புச் செலவுக்கான கோரிக்கை வரலாம். பிரேக் வெற்றிபெற்றாலும் அந்தக் கணக்கு தனியாக நிற்கும்.