சூரியனும் சனியும் ஒரே கட்டத்தில்

நேயர்களுக்கு வணக்கம். ஜாதகத்தில் சூரியனும் சனியும் சேர்ந்திருந்தால், "அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். புராணத்தில் சனி சூரியனின் மகன், இருவருக்கும் பகை. அதிலிருந்து வந்த பேச்சு அது. என் அனுபவத்தில், அப்பாவோடு மனஸ்தாபமே இல்லாதவர்களுக்கும் இந்தச் சேர்க்கை இருக்கிறது. அவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில்.

முதலில் பாகையைப் பாருங்கள். இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தும் 25 பாகை தள்ளி நின்றால் அது பேருக்குத்தான் சேர்க்கை. 15 பாகைக்குள் வந்தால் சனி அஸ்தங்கம். அப்போதுதான் பலன் அழுத்தமாகத் தெரியும்.

ஓர் உதாரணம். 1999 சித்திரையில், ஏப்ரல் கடைசி வாரம் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேஷத்தில் சூரியன் உச்சம், சனி நீசம், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பாகையில். கடக லக்னம் என்றால் மேஷம் பத்தாமிடம், அதாவது தொழில் ஸ்தானம். அங்கே சூரியனுக்குத் திக்பலமும் உண்டு. ஆக, பொறுப்பு தேடி வரும். ஆனால் கூடவே இருக்கும் நீச சனி, "உனக்கு இது தகுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மேலதிகாரிக்கு ஒரு மெயில் அனுப்ப நாலு தரம் படித்துப் பார்ப்பது, பாராட்டினால் கூச்சம், லீவு போட்டால் குற்ற உணர்வு. வெளியே பார்க்கிறவர்கள் இதை ஒழுக்கம் என்பார்கள். பாதி ஒழுக்கம்தான், மீதி பயம்.

அந்த வாரம் மேஷத்தின் அதிபதி செவ்வாய் துலாத்திலிருந்து ஏழாம் பார்வையாகத் தன் வீட்டைப் பார்த்தார். நீசனுடன் உச்சன், அதோடு வீட்டுக்காரர் பார்வை. நீசபங்கம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நீசபங்கம் என்றதும் சின்ன வயதிலேயே ராஜயோகம் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதலில் இறக்கம், அப்புறம்தான் ஏற்றம்.

எப்போது? கிரகங்கள் முதிரும் வயது என்று ஒரு கணக்கு உண்டு. சூரியனுக்கு 22, சனிக்கு 36. இடைப்பட்ட இந்த 14 வருடத்தில்தான் தகுதிக்கும் தன்மதிப்புக்கும் இடைவெளி அதிகம். திருக்கணிதப்படி 2027 ஜூனில் சனி மறுபடி மேஷத்துக்கு வருகிறார். நடுவில் வக்கிரத்தில் மீனத்துக்குப் போய், 2028-ல் மேஷத்தில் நிலைப்பார். ஜனன சனி மேலேயே கோசார சனி வரும் காலம். வேலைப் பளு கூடும். பழைய அதிகாரியின் நிழலிலிருந்து வெளியே வர வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் என்ன தசை நடக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் யாராவது தேதி குறித்துக் கொடுத்தால், வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவைப் பற்றிக் கேட்பதானால் ஒன்பதாமிடத்தைத் தனியாகப் பாருங்கள். இந்தச் சேர்க்கையை மட்டும் வைத்து ஒருவர் அப்பாவின் ஆயுளைச் சொல்கிறார் என்றால், அந்த இடத்திலேயே நோட்டை மூடிவிடலாம். வணக்கம்.