விலை கொமென்டில், விலாசம் வட்ஸ்அப்பில்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் செய்த பொருளை பேஸ்புக் லைவ்விலோ டிக்டொக்கிலோ காட்டி விற்கிற பலர் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, மோர்மிளகாய், பருத்தித்துறை வடை என்று எதுவாகவும் இருக்கலாம். வீடியோவுக்குக் கீழே ஆட்கள் வரிசையாக விலை கேட்கிறார்கள், ஆனால் ஓடர் என்று பார்த்தால் நாலைந்துதான் என்பது பலரும் சொல்கிற குறை. கேட்டவர்களுக்கு வாங்க விருப்பம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. கொமென்டிலிருந்து ஓடர் எடுக்கிற இடத்துக்கு வருகிற வழியில்தான் அவர்களைத் தவறவிடுகிறோம்.

சுன்னாகத்தில் வறுத்த மிளகாய்த்தூள் விற்கிற ஓர் அக்காவை வைத்துப் பார்ப்போம். தன் சொந்த பேஸ்புக் கணக்கில் லைவ் போடுகிறார், முடிக்கும்போது “வேணுமெண்டால் இன்பொக்ஸ் வாங்கோ” என்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் உடனே அவருக்கு மெசேஜ் அனுப்புகிறார். இருவரும் பேஸ்புக்கில் நண்பர்கள் இல்லை. அதனால் அந்த மெசேஜ் வழமையான இன்பொக்ஸுக்கு வராமல் Message requests என்ற தனிப் பெட்டிக்குள் போய் விழுகிறது. அந்தப் பெட்டியை அக்கா திறந்து பார்ப்பதே இல்லை. அனுப்பியவரோ “பதில் போடாத ஆள்” என்று நினைத்துவிடுவார். சரி, அக்காவே முந்திக்கொண்டு அவருக்கு எழுதினால்? அதுவும் அவருடைய பக்கத்தில் அதே பெட்டிக்குள்தான் போகும். இதை இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். மெசஞ்சரில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள், பழைய ஓடர்கள் அங்கே கிடந்தாலும் கிடக்கும்.

“வேணும் எண்டு கொமென்ட் போடுங்கோ, நாங்கள் தொடர்பு கொள்ளுறம்” என்பது இன்னொரு பழக்கம். சும்மா கொமென்ட் சேர்ப்பதற்காகப் போடுகிற இந்த மாதிரிப் பதிவுகளைக் குறைவான ஆட்களுக்கே காட்டுவதாக பேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. அதோடு, இப்படிச் சொன்னால் ஒவ்வொருவரையும் தேடிப் போகிற வேலை உங்கள் தலையில் விழும். வாங்க நினைப்பவர் தானாக ஓர் அடி எடுத்து வைக்கிற மாதிரித்தான் அழைக்க வேண்டும்.

அதற்கு முன்னால் எது கொமென்டில் இருக்க வேண்டும், எது தனி அரட்டைக்குப் போக வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விலை, நிறை, எந்த ஊர்களுக்கு அனுப்புவீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் பொதுவானவை. “விலை இன்பொக்ஸில்” என்று எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒருவர் கேட்ட கேள்வியைக் கேட்காத பலர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். விலை தெரியாததால் அவர்களும் பேசாமல் போய்விடுகிறார்கள். பெயர், விலாசம், போன் நம்பர், காசு போட்ட ரசீது ஆகியவை மட்டும் தனி அரட்டைக்குரியவை. யாராவது ஆர்வத்தில் போன் நம்பரைக் கொமென்டில் எழுதிவிட்டால், அதைக் குறித்துக்கொண்டு கொமென்டை மறைத்துவிடுங்கள். உங்கள் படத்தையும் பெயரையும் போட்டு போலிக் கணக்கு திறந்தவர்கள் அந்த நம்பருக்கு எடுத்துக் காசு கேட்கக்கூடும்.

இப்போது அக்காவின் கடைசி வசனத்தை மாற்றுவோம். “அரைக் கிலோ தூள் 1,200 ரூபாய். வேணுமெண்டால் பின் பண்ணியிருக்கிற லிங்கை அமத்துங்கோ, வட்ஸ்அப் திறக்கும். எத்தனை பைக்கெட், எந்த ஊர் எண்டு மட்டும் எழுதுங்கோ. அனுப்புற செலவோட மொத்தக் கணக்கை நான் சொல்லுறன்.” எங்கே அமத்துவது, என்ன எழுதுவது, எழுதினால் என்ன கிடைக்கும் என்ற மூன்றும் இதற்குள் வந்துவிட்டன. கணக்குக் கேட்பதால் வாங்கியே ஆக வேண்டும் என்ற பயமும் வராது. லைவ்வின் முடிவில் மட்டும் சொன்னால் போதாது, இடையில் வந்து இடையில் போகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு பொருளையும் காட்டி முடித்த கையோடு சொல்லுங்கள்.

அந்த லிங்கைச் செய்வது சுலபம். wa.me என்று எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, உங்கள் நம்பரை எழுத வேண்டும். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். 077 என்று தொடங்கினால் லிங்க் வேலை செய்யாது. முன்னுக்கு இருக்கிற பூச்சியத்தை எடுத்துவிட்டு இலங்கையின் 94 ஐச் சேர்க்க வேண்டும். கூட்டல் குறியும் இடைவெளியும் வேண்டாம். எழுதினால் இப்படி இருக்கும்:

```
https://wa.me/9477XXXXXXX
```

077 நம்பரை மட்டும் கொமென்டில் போட்டால் கனடாவில் இருப்பவர் 94 சேர்த்து, போனில் பதிந்து, பிறகு வட்ஸ்அப்பில் தேட வேண்டும். அவ்வளவு தூரம் எத்தனை பேர் வருவார்கள்? லிங்க் இருந்தால் ஒரு அமத்தலோடு முடிந்தது. டிக்டொக்கில் கொமென்டுக்குள் போடும் லிங்க் வேலை செய்யாது. உங்கள் கணக்கின் முகப்பில் லிங்க் போடும் வசதி இருந்தால் அங்கே போட்டுவிட்டு, வீடியோவில் “முகப்புக்குப் போங்கோ” என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் 94 சேர்த்த முழு நம்பரையும் திரையில் பெரிதாகக் காட்டுங்கள்.

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் Short link என்றொரு வசதி இருக்கிறது. அதில் லிங்கோடு ஒரு வசனத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். “மிளகாய்த்தூள் வேணும். பைக்கெட்: ஊர்:” என்று வைத்தால், லிங்கை அமத்துபவருக்கு அது தயாராக வந்து நிற்கும், இடைவெளியை நிரப்பி அனுப்பினால் சரி. வெறும் “ஹாய்” வந்தால் இவர் தூளுக்கு வந்தவரா வடைக்கு வந்தவரா என்று தெரியாமல் நீங்கள் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

இனி அரட்டைக்குள் வருவோம். ரொறன்ரோவில் பின்னேரமாகும்போது இங்கே விடியப்புறம், நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள். அதற்காக Away message இல் ஒரு வரி எழுதி வைக்கலாம். “காலை 7 மணிக்குக் கணக்கு அனுப்புறன்” என்று நேரம் குறிப்பிட்டு எழுதினால் வந்தவர் காத்திருப்பார்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஓடர்களில் காசு கொடுப்பவர் ஒருவர், பொருள் போய்ச் சேர்வது நல்லூரில் இருக்கிற அம்மாவிடம். ஆகவே “ஆருக்கு அனுப்புறது, அவையின்ர போன் நம்பர் என்ன?” என்று தனியாகக் கேளுங்கள். பொருள் கொண்டுபோகிறவர் கனடா நம்பருக்கு எடுத்து நல்லூரில் வீடு கேட்க முடியாது. வயதானவர்கள் குரல் பதிவாகத்தான் ஓடர் சொல்வார்கள். கேட்டுவிட்டு எழுத்தில் திருப்பி அனுப்புங்கள்: “தூள் 2 பைக்கெட் 2,400, அனுப்புற செலவு 450, மொத்தம் 2,850. நல்லூர், அம்மாவின் பெயருக்கு. சரியோ?” அவர் “ஓம்” என்று எழுதிய பிறகு வங்கிக் கணக்கு நம்பரைக் கொடுங்கள். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். பொருள் போய்ச் சேர்ந்த பிறகு வருகிற “நான் மூண்டெல்லோ கேட்டனான்” என்ற சண்டை பெரும்பாலும் அந்த “ஓம்” இல்லாத இடத்தில்தான் வருகிறது.

எந்த இடத்தில் ஆட்கள் விடுபடுகிறார்கள் என்பதையும் பார்க்கலாம். லிங்கோடு எழுதி வைக்கிற வசனத்தில் ஒரு சொல்லை மாற்றினால், எந்தப் பதிவுக்குப் பிறகு வந்தவர் என்று தெரியும். இந்த வாரம் “தூள் - லைவ்” என்றும் அடுத்த வாரம் “தூள் - வீடியோ” என்றும் வையுங்கள். கொமென்ட் நிறைய வந்தும் அரட்டைக்கு ஆள் வரவில்லை என்றால் முதலில் லிங்கை வேறொரு போனில் அமத்திப் பாருங்கள், அது சரியாக இருந்தால் அழைக்கும் வசனத்தைத் திருத்துங்கள். அரட்டைக்கு வந்தவர்கள் மொத்தத் தொகையைக் கேட்டதும் மௌனமாகிறார்கள் என்றால் அனுப்புற செலவைப் பிறகுதான் அறிகிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் அந்த 450 ரூபாயையும் விலைக்குப் பக்கத்திலேயே கொமென்டில் எழுதிவிடுங்கள்.