10-க்கு 21: ஸ்ப்ளிட் டெஸ்டில் சின்ன சாம்பிள் ஏன் தவறான வெற்றியாளரைக் காட்டுகிறது?

[திரை: இரண்டு பக்கங்கள் அருகருகே. இடது "பழையது", வலது "புதியது". கீழே எண்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

ஒரு இணையதளத்தின் பதிவுப் பக்கத்தை மாற்றி அமைத்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கம், மீதிப் பேருக்குப் புதிய பக்கம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. இதைத்தான் ஸ்ப்ளிட் டெஸ்ட் அல்லது ஏ/பி டெஸ்ட் என்கிறோம்.

ஒரே நாளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 250 பேர் வந்தாயிற்று. பழைய பக்கத்தில் 10 பேர் பதிவு செய்தார்கள். புதிய பக்கத்தில் 21 பேர். 4 சதவீதம் எங்கே, 8.4 சதவீதம் எங்கே! டாஷ்போர்டு பச்சை நிறத்துக்கு மாறுகிறது: "வெற்றி: புதிய பக்கம். பி-மதிப்பு 0.04."

குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். பதிவுகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டன என்று அறிக்கை தயாராகிறது. அந்த அறிக்கையை அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்து பார்ப்போம்.

[திரை: 21 என்ற எண் 20 ஆக மாறுகிறது. பச்சை நிறம் சாம்பல் ஆகிறது.]

புதிய பக்கத்தில் பதிவு செய்தவர்களில் ஒருவருக்கு மட்டும் அந்த நேரத்தில் போன் வந்து, பாதியில் எழுந்து போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 என்பது 20 ஆகிறது. பி-மதிப்பு 0.06. வெற்றி காணாமல் போய்விட்டது. பக்கம் மாறவில்லை, ஒரு எழுத்துகூட மாறவில்லை. 500 பேரில் ஒருவர் எழுந்து போனார், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்று பார்க்க, இன்னொரு சோதனையைக் கற்பனை செய்வோம். இரண்டு பக்கமும் ஒன்றேதான், ஒரு வித்தியாசமும் இல்லை. வருகிறவர்களில் உண்மையாகவே 5 சதவீதம் பேர் பதிவு செய்வார்கள். 250 பேர் வந்தால் சராசரியாக பன்னிரண்டரை பேர். ஆனால் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டோ பதிமூன்றோ வராது. அதன் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சுமார் மூன்றரை பேர். இரண்டு பக்கமும் அதன் இரண்டு மடங்கு வரை விலகுவது சகஜம்: 6 பேர் வந்தாலும் வழக்கம்தான், 19 பேர் வந்தாலும் வழக்கம்தான். 100 முறை செய்தால் ஏறக்குறைய 95 முறை இந்த எல்லைக்குள்தான் விழும்.

[திரை: ஒரே பக்கத்தின் இரண்டு நகல்கள். ஒன்றின் கீழே 2.8%, இன்னொன்றின் கீழே 6.8%.]

ஒரே பக்கத்தின் ஒரு நகல் 7 பேரையும் இன்னொரு நகல் 17 பேரையும் காட்டுவது அடிக்கடி நடக்காது, ஆனால் நடக்கும். இப்படித் தற்செயலாக வரும் வித்தியாசத்தை எந்த அளவுக்குச் சந்தேகிக்க வேண்டும் என்று சொல்லத்தான் பி-மதிப்பு இருக்கிறது.

பி-மதிப்பு 0.04 என்றால் என்ன அர்த்தம்? "புதிய பக்கம் சிறந்தது என்பதற்கு 96 சதவீத வாய்ப்பு" என்று பலர் படிக்கிறார்கள். தவறு. அது சொல்வது இதுதான்: இரண்டு பக்கத்துக்கும் உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய இடைவெளியோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வருவதற்கு 100-க்கு 4 வாய்ப்பு. புதிய பக்கம் நல்லதா என்ற கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொல்வதில்லை. 0.05-க்குக் கீழே வந்தால் 'புள்ளியியல் முக்கியத்துவம் உண்டு' என்று சொல்வது ஒரு வழக்கம். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் வசதிக்காகச் சொன்ன எல்லை அது. இயற்கை வகுத்த கோடு அல்ல.

சரி, இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். "தற்செயல் 20-க்கு ஒரு முறைதான் ஏமாற்றும், அந்த அபாயத்தை எடுத்துக்கொள்கிறோம்" என்று சமாதானமும் சொல்வார்கள். ஆனால் சின்ன சாம்பிளின் உண்மையான ஆபத்து அங்கே இல்லை. புதிய பக்கம் நிஜமாகவே நல்லதாக இருக்கும்போதும் அது நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. எனக்கு இதுதான் முழு விஷயத்திலும் முக்கியமான பகுதி. அதனால் இதில் கொஞ்ச நேரம் நிற்போம்.

[திரை: ஒரு கதவு. அதன் மேல் "முக்கியத்துவம்" என்ற பலகை.]

பழைய பக்கத்தில் உண்மையான விகிதம் 5 சதவீதம், புதியதில் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அரை சதவீதப் புள்ளி முன்னேற்றம். பழையதோடு ஒப்பிட்டால் 10 சதவீத வளர்ச்சி, ஒரு பக்க மாற்றத்துக்கு இது நல்ல பலன். 250 பேரில் இந்த அரைப் புள்ளி எத்தனை பேர்? ஒன்றேகால் பேர்.

ஆனால் 250 பேர் கொண்ட டெஸ்டில் முக்கியத்துவம் என்ற கதவு திறக்க எவ்வளவு வித்தியாசம் வேண்டும்? ஏறக்குறைய 4 புள்ளி, அதாவது 10 பேர். உண்மை ஒன்றேகால் பேர், கதவு கேட்பது 10 பேர். இப்போது யோசித்துப் பாருங்கள். உண்மையான அளவோடு வரும் எந்த முடிவும் இந்தக் கதவுக்குள் நுழையவே முடியாது. தற்செயல் பின்னாலிருந்து பலமாகத் தள்ளிவிட்ட முடிவுகள் மட்டும்தான் நுழையும். ஆகவே இந்த டெஸ்டில் வெற்றி என்று எதைப் பார்த்தாலும், அது உண்மையை ஏறக்குறைய 8 மடங்கோ அதற்கு மேலோ ஊதிக் காட்டிய எண்ணாகத்தான் இருக்கும்.

இதே டெஸ்டை 1000 முறை நடத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட 57 முறைதான் கதவு திறக்கும். மீதி 943 முறையும் நல்ல பக்கம் கண்ணில் படாமலே போகும். அந்த 57-லும் சுமார் 44 முறை புதிய பக்கம் ஜெயித்ததாக வரும். மீதி 13 முறை? பழைய பக்கம்தான் சிறந்தது என்று, அதே பச்சை நிறத்தில், அதே 0.05-க்குக் கீழான பி-மதிப்போடு வரும். நாலில் ஒரு வெற்றியாளர் தலைகீழ்!

புள்ளியியலாளர்கள் ஆண்ட்ரூ கெல்மனும் ஜான் கார்லினும் 2014-இல் இந்த இரண்டு பிழைகளையும் பிரித்துக் காட்டினார்கள். அளவை ஊதிக் காட்டுவது ஒன்று, திசையையே மாற்றிக் காட்டுவது இன்னொன்று. சாம்பிள் சிறுத்தால் இரண்டும் சேர்ந்தே வளரும்.

பல குழுக்களில் நடப்பதும் இதுதான். டெஸ்டில் 80 சதவீத வளர்ச்சி என்று பார்த்துப் பக்கத்தை மாற்றுவார்கள். இரண்டு மாதம் கழித்து மொத்தப் பதிவுகளைப் பார்த்தால் கோடு அசைந்தே இருக்காது. "ஆரம்பத்தில் புதுமைக்காக வந்தார்கள், அப்புறம் பழகிவிட்டது" என்று காரணம் தேடுவார்கள். சில நேரம் அது சரியாக இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த 80 சதவீதத்தைத்தான்.

[திரை: நாட்காட்டி. ஒவ்வொரு நாளும் ஒருவர் டாஷ்போர்டைத் திறந்து பார்க்கிறார்.]

இதோடு ஒரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தினமும் டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பது, பச்சை தெரிந்த அன்றே டெஸ்டை நிறுத்துவது. 20-க்கு ஒன்று என்ற அபாயம், முன்பே முடிவுசெய்த அளவை எட்டியபின் ஒரே ஒரு முறை பார்ப்பவருக்கு மட்டும்தான் பொருந்தும். புள்ளியியலாளர் பீட்டர் ஆர்மிடேஜும் சகாக்களும் 1969-இலேயே இதைக் கணக்கிட்டார்கள். வித்தியாசமே இல்லாத இரண்டை, தரவு சேரச் சேர சம இடைவெளியில் 5 முறை சோதித்தால் போலி வெற்றிக்கான வாய்ப்பு 14 சதவீதம். 10 முறை சோதித்தால் 19 சதவீதம். நாம் பார்த்த 10-க்கு 21 என்பதும் முதல் நாளிலேயே எட்டிப் பார்த்து நிறுத்தியதால் கிடைத்த எண். தினமும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென்றே எல்லையைக் கடுமையாக்கும் தொடர்முறைச் சோதனைகள் இருக்கின்றன. சாதாரண பி-மதிப்பை வைத்து அதைச் செய்யக்கூடாது.

அப்படியானால் எத்தனை பேர் வேண்டும்? டெஸ்ட் தொடங்கும் முன்பே போட வேண்டிய கணக்கு இது. நினைவில் வைக்க எளிதான ஒரு சூத்திரம் இருக்கிறது.

[திரை:]

```
n = 16 × p × (1 − p) ÷ d²
```

p என்பது இப்போதைய விகிதம். d என்பது நாம் கண்டுபிடிக்க விரும்பும் மிகச் சிறிய வித்தியாசம். n என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் வேண்டிய ஆட்கள். இந்த அளவில் நடத்தினால், அந்த வித்தியாசம் உண்மையிலேயே இருக்கும்போது 100-க்கு சுமார் 80 முறை டெஸ்ட் அதைப் பிடித்துவிடும்.

p-க்கு 0.05, d-க்கு 0.005 போடுங்கள். விடை 30,400. ஒரு பக்கத்துக்கு மட்டும்! நம்மிடம் இருந்தது 250.

இந்த அளவுக்குப் போனதும் அந்தக் கதவு என்ன ஆகிறது என்று பாருங்கள். 4 புள்ளி கேட்ட கதவு, இப்போது 0.35 புள்ளி கேட்கிறது. உண்மையான அரைப் புள்ளி யாரும் தள்ளாமலே உள்ளே நடந்து வர முடியும். ஊதிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு நாளைக்கு 500 பேர் வரும் தளத்தில் இது 122 நாள் வேலை. நாலு மாதம் காத்திருக்க முடியாது என்பது நியாயமான பதில்தான். அப்போது கணக்கில் மாற்றக்கூடியது இரண்டு.

ஒன்று, d. பட்டன் நிறத்தை விட்டுவிட்டு, பதிவுப் படிவத்தையே பாதியாகக் குறைப்பது போன்ற பெரிய மாற்றத்தைச் சோதிக்கலாம். 5 சதவீதத்தை 7.5 ஆக்கும் மாற்றம் என்றால் சூத்திரப்படி ஒரு பக்கத்துக்கு சுமார் 1,200 பேர், கொஞ்சம் தாராளமாக வைத்தால் 1,500 பேர் போதும். ஆறு நாளில் ஆள் சேர்ந்துவிடும். ஆனாலும் வார நாளும் வார இறுதியும் சமமாக வர, இரண்டு முழு வாரம் ஓடவிடுவது நல்லது. இதில் ஒரு எச்சரிக்கை: அவ்வளவு பெரிய பலனை எதிர்பார்க்கக் காரணம் இருக்க வேண்டும். சாம்பிளைக் குறைப்பதற்காக d-யைப் பெரிதாக்கிக்கொண்டால் பழைய குழியிலேயே விழுவோம்.

இன்னொன்று, p. பதிவை அளக்காமல், அதற்கு முந்தைய படியை, அதாவது படிவத்தை நிரப்பத் தொடங்கியவர்களை அளக்கலாம். அது 30 சதவீதம் என்றால், அதே 10 சதவீத வளர்ச்சியைப் பிடிக்க ஒரு பக்கத்துக்கு சுமார் 3,700 பேர். 15 நாள். படிவத்தைத் தொட்டவர்கள் எல்லோரும் பதிவு செய்துவிட மாட்டார்கள் என்பதால், இந்த வெற்றியைப் பதிவுகளின் வெற்றி என்று எழுதக்கூடாது.

[திரை: மீண்டும் 10-க்கு 21. அதன் கீழே ஒரு நீண்ட கோடு விரிகிறது.]

கையில் இருக்கும் முடிவை எடைபோட ஒரு வழி உண்டு. பி-மதிப்பை ஒதுக்கிவிட்டு, உண்மையான வித்தியாசம் எங்கிருந்து எங்கே வரை இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பக இடைவெளியைக் கேளுங்கள். பெரும்பாலான கருவிகள் அதையும் கணக்கிட்டு வைத்திருக்கும். நம்முடைய 10-க்கு 21-க்கு அந்த இடைவெளி 0.2 புள்ளியிலிருந்து 8.6 புள்ளி வரை நீள்கிறது. ஒரு முனையில் கண்ணுக்கே தெரியாத முன்னேற்றம், மறு முனையில் பதிவுகள் மூன்று மடங்கு. அறிக்கையில் இந்த இரண்டு எண்களையும் எழுதி, அடுத்த டெஸ்டுக்கு ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எந்தத் தேதியில் நிறுத்துவோம் என்பதையும் இன்றே அதன் கீழே எழுதிவிடலாம்.