ஓர் இடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழிவது ஏன்?

புதுச்சேரி, கடலூர் வட்டார நேயர்களுக்கு என் வணக்கம். கணினிகளைப் பழுது பார்ப்பதும் அலுவலகங்களில் அவற்றைப் பராமரிப்பதும் என் தொழில். சென்ற சில ஆண்டுகளாக என்னிடம் வருபவர்களில் பலர், கணினி பழுதாகிவிட்டது என்று சொல்லி வருவதில்லை. "வீட்டில் ஒரு ஃபோல்டரை அழித்தேன், அலுவலகத்திலும் காணாமல் போய்விட்டதே" என்று கலங்கியபடி வருகிறார்கள். அப்படி வந்த ஒருவருக்கு நேர்ந்ததை முழுமையாகச் சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

அவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அலுவலகம் வைத்திருக்கும் வரி ஆலோசகர். குடியிருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அலுவலகத்தில் ஒரு கணினி, வீட்டில் ஒரு மடிக்கணினி, தென்பெண்ணைக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து வேலை செய்யும் உதவியாளர் வீட்டில் ஒரு கணினி என மூன்றும் ஒரே கிளவுட் கணக்கில் இணைந்திருந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், அதை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியதும் நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உதவியாளர் தம் கணினியைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றி வைத்தார். வீட்டைச் சீர்செய்து முடிக்கும்வரை அதை அவர் இறக்கவில்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. ஆலோசகரின் மடிக்கணினியில் இடம் நிரம்பிவிட்டது. பழைய வாடிக்கையாளர்களின் கணக்குகள் அடங்கிய ஃபோல்டர் ஒன்று மட்டும் 14 ஜிபி இருந்தது. "இதுதான் கிளவுடில் இருக்கிறதே, அலுவலகத்திலும் இருக்கிறதே, இங்கே எதற்கு?" என்று எண்ணி அதை அழித்தார், இடம் வேண்டுமென்பதால் மடிக்கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். ஜனவரி 22 அன்று ஒரு பழைய வாடிக்கையாளர் நோட்டீஸ் ஒன்றுடன் வந்தபோதுதான் அந்த ஃபோல்டர் அலுவலகக் கணினியிலும் இல்லை, இணையத்தில் திறந்து பார்த்தாலும் இல்லை என்பது தெரிந்தது.

அவர் எண்ணியதில் எங்கே பிழை? கிளவுட் என்பது ஒரு பெட்டகம், தம்மிடம் இருப்பது அதிலிருந்து எடுத்த ஒரு நகல் என்று அவர் கருதியிருந்தார். ஒத்திசைவு என்னும் ஏற்பாடு அப்படிப்பட்டதன்று. எல்லாக் கணினிகளிலும் அந்த ஃபோல்டரின் நிலை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு இடப்பட்ட ஒரே வேலை. ஒரு கடிதத்தில் நீங்கள் ஒரு வரியைத் திருத்தினால் அந்தத் திருத்தம் எப்படி மற்றக் கணினிகளுக்குப் போகிறதோ, அப்படியே ஒரு ஃபோல்டரை நீக்கினால் அந்த நீக்கமும் ஒரு திருத்தமாகவே போகிறது.

ஆனால், "இந்தக் கணினியில் மட்டும் வேண்டாம்" என்பதற்கும் "எங்கும் வேண்டாம்" என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒத்திசைவைச் செய்யும் செயலிக்குப் புரியாதா என்று கேட்கலாம். புரிய வழியில்லை. ஏன் இல்லை என்பதை அறிய, அது எப்படி முடிவெடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

செயலி மூன்று பட்டியல்களை ஒப்பிடுகிறது. இந்தக் கணினியில் இப்போது என்ன இருக்கிறது என்பது முதல் பட்டியல். சர்வரில் இப்போது என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. கடைசியாக இரண்டும் ஒத்துப்போன வேளையில் என்னவெல்லாம் இருந்தன என்று செயலி தனக்குத்தானே எழுதி வைத்திருக்கும் நினைவுக் குறிப்பு மூன்றாவது. ட்ராப்பாக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் செயலியின் அமைப்பை விளக்கும்போது இவற்றை மூன்று மரங்கள் என்கிறார்கள். மற்றச் செயலிகளில் பெயரும் வடிவமும் மாறலாம். ஆனால் அந்த மூன்றாவது குறிப்பின் வேலையை ஏதேனும் ஒன்று செய்தே ஆக வேண்டும்.

அது ஏன் இன்றியமையாதது? ஒரு ஃபோல்டர் சர்வரில் இருக்கிறது, கணினியில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரே காட்சிக்கு நேர் எதிரான இரண்டு பொருள்கள் உண்டு. வேறொருவர் அதைப் புதிதாகச் சேர்த்திருக்கலாம்; அப்படியானால் இங்கே இறக்கிக்கொள்ள வேண்டும். அல்லது இங்கிருப்பவர் அதை அழித்திருக்கலாம். அப்படியானால் சர்வரிலும் அழிக்க வேண்டும். இரண்டில் எது என்று சொல்லக்கூடியது நினைவுக் குறிப்பு ஒன்றுதான். குறிப்பில் அந்தப் பெயர் இல்லையென்றால் அது புதிய வரவு. பெயர் இருந்தால், இங்கே முன்பு இருந்தது, இப்போது இல்லை, ஆகவே நீக்கப்பட்டுவிட்டது என்று பொருள். ஆலோசகரின் மடிக்கணினியில் குறிப்பு "இருந்தது" என்றது. வட்டு "இல்லை" என்றது. செயலியின் கண்ணில் பட்டது அவ்வளவே. இடம் போதவில்லை என்ற அவருடைய காரணம் எந்தப் பட்டியலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதே காரணத்தால்தான், அழிக்காமல் இடம் மாற்றினாலும் இதே விளைவு வருகிறது. ஒத்திசைவு ஃபோல்டரிலிருந்து ஒன்றை வெட்டி எடுத்துப் பென் டிரைவில் ஒட்டினால், பென் டிரைவை அந்தச் செயலி பார்ப்பதில்லை. தன் எல்லைக்குள் இருந்த ஒன்று இப்போது இல்லை என்று மட்டுமே அது காண்கிறது. செயலி ஓடாதபோது அழித்தாலும் தப்ப முடியாது. மறுமுறை அது தொடங்கும்போது வட்டையும் குறிப்பையும் ஒப்பிட்டு அதே முடிவுக்கு வந்துவிடும்.

அடுத்து அலுவலகக் கணினிக்கு வருவோம். அங்கே ஃபோல்டர் வட்டில் இருக்கிறது, குறிப்பிலும் இருக்கிறது, சர்வரில் மட்டும் இல்லை. ஆகவே வேறோர் இடத்தில் நீக்கப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்து, அங்கிருந்த செயலி அதை அகற்றியது. இது நடக்கும் வேகத்தையும் சொல்ல வேண்டும். 14 ஜிபியை முதன்முதலில் மேலேற்ற, நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். நீக்கம் அப்படியன்று. கோப்புகள் எதுவும் பயணம் செய்வதில்லை. இன்ன பெயர் நீக்கப்பட்டது என்ற சிறு செய்திதான் போகிறது. தவறை உணர்ந்து அடுத்த கணினிக்கு ஓடுவதற்குள் அங்கும் வேலை முடிந்திருக்கும்.

இப்படி நீக்கப்பட்டவை உடனே இல்லாமல் போய்விடுவதில்லை. சேவையின் இணையதளத்தில் உள்ள குப்பைத்தொட்டியில் அவை சில காலம் கிடக்கின்றன. தனிநபர் ஒன்டிரைவிலும், கூகுள் டிரைவிலும், ட்ராப்பாக்ஸின் இலவசக் கணக்கிலும் அந்தக் காலம் 30 நாள். அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்குமான ஒன்டிரைவில் வழக்கமாக 93 நாள். அதற்குள் மீட்டுவிட்டால், சர்வரில் இருக்கிறது, கணினியிலும் குறிப்பிலும் இல்லை, எனவே புதிய வரவு என்று கொண்டு ஒவ்வொரு கணினியும் தானே அதை இறக்கிக்கொள்ளும். ஆலோசகரின் கணக்கில் இருந்தது 30 நாள் தவணை. அவர் என்னிடம் வந்தது 38-ஆம் நாள். அலுவலகக் கணினியின் குப்பைத்தொட்டியையும் பார்த்தோம், அங்கும் இல்லை.

அப்போதுதான் பரண்மேல் இருந்த கணினியைப் பற்றிக் கேட்டேன். டிசம்பர் தொடக்கத்திலிருந்து அது இயக்கப்படவேயில்லை. நீக்கச் செய்தி அதை இன்னும் எட்டியிருக்க முடியாது. ஆனால் அதை எப்போதும்போல் இயக்கியிருந்தால், வைஃபை தானாக இணைந்த சிறிது நேரத்தில், மற்ற இரண்டு கணினிகளில் நடந்ததே அங்கும் நடந்திருக்கும். எனவே முதலில் ரௌட்டரின் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். பிறகு கணினியை இயக்கி, ஃபோல்டர் அப்படியே இருப்பதைக் கண்டு, ஒத்திசைவு ஃபோல்டருக்குள் எதையும் தொடாமல், முழுவதையும் ஒரு வெளி வட்டில் நகலெடுத்தோம். சில கோப்புகளை வெளி வட்டிலிருந்தே திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே ரௌட்டரை இயக்கினோம். சிறிது நேரத்தில் எங்கள் கண்ணெதிரிலேயே அந்த ஃபோல்டர் திரையிலிருந்து மறைந்தது. உதவியாளர் என் தோளைப் பற்றிக்கொண்டார்.

இந்த வழி எல்லோருக்கும் கைகொடுக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்தக் கணினியில் கோப்புகள் முழுமையாக இறங்கியிருந்ததால்தான் மீட்க முடிந்தது. இன்று பல கணினிகளில் பெயர் மட்டுமே தெரியும். உள்ளடக்கம் சர்வரில்தான் இருக்கும். ஒன்டிரைவில் கோப்பின் பக்கத்தில் நீல நிற மேகக் குறி இருந்தால் அது இங்கே இறங்கவில்லை என்று பொருள். பச்சை நிறச் சரிக்குறி இருந்தால் இங்கே இருக்கிறது.

அந்த நீல மேகத்தில்தான் ஆலோசகர் அன்று தேடிய தீர்வும் இருக்கிறது. ஒன்டிரைவில் ஃபோல்டரின்மேல் வலது சொடுக்கினால் "Free up space" என்ற கட்டளை வரும். ட்ராப்பாக்ஸில் அதற்கு ஈடானது "Make online-only". இவற்றைத் தேர்ந்தால் இடம் காலியாகும்; பெயர் தங்கும். பெயர் தங்குவதால் குறிப்பிலும் முரண்பாடு எழாது. எனவே எந்தக் கணினியிலும் எதுவும் அழியாது. பெயரே இங்கே தெரிய வேண்டாம் என்றால், செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, இந்தக் கணினியில் எந்தெந்த ஃபோல்டர்கள் வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் அதன் சரிக்குறியை எடுத்துவிடலாம். இங்கே கொடுக்கும் கட்டளையை நீக்கமாக அல்லாமல் விலக்காகவே செயலி எழுதிக்கொள்கிறது. விளைவு பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், நம் எண்ணத்தைச் செயலிக்குத் தெரிவிக்க நமக்கிருக்கும் வாயில் இதுதான்.

பழைய கணினியை விற்கும்போதும் இதே கவனம் தேவை. கோப்புகளை அழித்துவிட்டுக் கொடுப்போம் என்று எண்ணி, கணக்கு இணைந்திருக்கும்போதே அழிப்பவர்கள் பலர். முதலில் "Unlink this PC" என்ற கட்டளையால் கணினியைக் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். அதன்பின் அங்கே எதை அழித்தாலும் அந்தச் செய்தி சர்வருக்குப் போகாது.

அந்த 14 ஜிபி இப்போது மீண்டும் கிளவுடில் இருக்கிறது. ஒத்திசைவுக்கு வெளியே இருப்பதற்கென்று, எந்தச் செயலியின் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு வெளி வட்டையும் ஆலோசகர் வாங்கியிருக்கிறார். மாதம் ஒருமுறை அதைக் கணினியில் செருகி, வெட்டாமல் நகல் மட்டும் எடுத்து, தேதியை ஒரு காகிதத்தில் எழுதி அதன்மேல் ஒட்டி, கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறார்.