வருகைப் பதிவேடும் மொய் நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளையை எதற்குப் பள்ளிக்கூடம் அனுப்புகிறீர்கள் என்று கேட்டால், படிக்கத்தான் என்பீர்கள். கல்யாணம் எதற்கு என்று கேட்டால், இரண்டு பேர் சேர்ந்து வாழ, வம்சம் தழைக்க என்பீர்கள். இரண்டுமே சரியான பதில்கள். ஆனால் 2020-ல் வந்த ஊரடங்கு இந்தப் பதில்கள் போதுமா என்று சோதித்துப் பார்த்துவிட்டது. பள்ளி பூட்டியிருந்தபோதும் கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடம் வீட்டுக்கு வந்தது. ஐம்பது பேருக்குள் கூடித் தாலி கட்டிக்கொள்ளவும் அனுமதி இருந்தது. சொன்ன நோக்கம் ஓரளவு நிறைவேறிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் பல வீடுகளில் வேறு ஏதோ நின்றுபோயிருந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1949-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வழி காட்டினார். ஒரு வழக்கத்தில் ஈடுபடுகிறவர்கள் எதை நினைத்துச் செய்கிறார்களோ, எது அவர்களுக்கே தெரிந்து நடக்கிறதோ, அது வெளிப்படைப் பணி. யாரும் திட்டமிடாமல், பெரும்பாலும் யாரும் கவனிக்காமல் அதே வழக்கம் செய்து முடிக்கிற வேலை, உள்ளுறைப் பணி. அவர் சொன்ன உதாரணம் ஹோப்பி பழங்குடி மக்களின் மழைச் சடங்கு. சடங்கால் மழை வராமல் போகலாம். ஆனால் சிதறிக் கிடக்கிற மக்கள் ஓரிடத்தில் கூடித் தங்களை ஒரே குழுவாக உணர்கிறார்கள். மழை வராத ஆண்டும் சடங்கு நிற்காததற்குக் காரணம் இதுதான் என்று அவர் கருதினார்.

இதைச் சதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘பள்ளிக்கூடத்தின் மறைமுக நோக்கம்’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். நோக்கம் மனிதர்களுக்குத்தான் உண்டு. மெர்ட்டன் பேசியது விளைவைப் பற்றி. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் எதைப் பார்த்தாலும் யாரோ ஒளிந்திருந்து நடத்துவதாகத் தோன்றும்.

பள்ளிக்கு வருவோம். காலையில் வகுப்பாசிரியர் பெயர் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டைக் குறிக்கிறார். எத்தனை பிள்ளைகள் பாடத்துக்கு வந்தார்கள், எத்தனை பேருக்குச் சத்துணவு என்ற கணக்குக்காக வைத்த ஏடு அது. பத்தாம் வகுப்பில் ஒரு பெண் மூன்று நாளாக வரவில்லை என்று வையுங்கள். ஆசிரியர் கேட்கிறார். பக்கத்தில் உட்காருகிற தோழி தயங்கித் தயங்கி, ‘அவளுக்கு நிச்சயம் பண்ணிட்டாங்க டீச்சர்’ என்கிறாள். தலைமையாசிரியர் காதுக்கு விஷயம் போகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைப்பு போகிறது. சமூகநலத் துறையினர் காவல்துறையோடு மண்டபத்துக்கு வருகிறார்கள். ‘பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க’ என்கிறார்கள் பெற்றோர். அப்போது வாதத்தை முடித்துவைப்பது மறுபடி ஒரு பள்ளிக் காகிதம்தான். வயதை உறுதிசெய்ய, பள்ளியின் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

இந்தச் சங்கிலியில் பாடம் எங்கேயும் இல்லை. தினமும் பெயர் கூப்பிடுகிற ஒருவர், காணோமே என்று கவனிக்கிற தோழி, பெற்றோரின் கையில் இல்லாத ஒரு பிறந்த தேதி, இவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி, 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, ஆனால் தொலைக்காட்சி யார் வரவில்லை என்று கேட்காது. அந்த மாதங்களில் குழந்தைத் திருமணம் பற்றியும், பட்டறைக்கும் மில்லுக்கும் போன பிள்ளைகளைப் பற்றியும் பல மாவட்டங்களிலிருந்து செய்திகள் வந்தன. வருமானம் போனது பெரிய காரணம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காவல் இருந்த இடம் காலியானதும் ஒரு காரணம் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி கல்யாணம். மண்டப வாசலில் ஒரு மேசை. ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், இன்னொருவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். இதை அன்பளிப்பு என்றுதான் சொல்வோம். ஆனால் ஒரு விசேஷத்துக்குப் புறப்படும் முன் வீட்டில் என்ன நடக்கிறது? பழைய மொய் நோட்டு பரண்மேலிருந்து இறங்குகிறது. ‘நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு அவங்க எவ்வளவு செஞ்சிருக்காங்க?’ என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்துத்தான் செய்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பம் பத்து ஆண்டுகளில் இருநூறு வீட்டு விசேஷங்களுக்கு ஐந்நூறு ரூபாய் வீதம் செய்திருக்கிறது. மொத்தம் 1 லட்சம். மகள் கல்யாணத்தில் அந்த இருநூறு வீட்டாரும் ஐந்நூறைத் திருப்பி, மேலும் ஐந்நூறு சேர்த்து ஆயிரமாகச் செய்கிறார்கள். கைக்கு வருவது 2 லட்சம். அதில் பாதி தன் சேமிப்பு. மற்ற பாதி இனிமேல் திருப்ப வேண்டிய கடன், வட்டியில்லை, பத்திரமில்லை, ஜாமீன் கேட்பாரில்லை. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பணம் தர வேண்டிய அதே நாளில் மொத்தமாக வருகிறது. வங்கி எட்டிப் பார்க்காத குடும்பங்களுக்குக் கல்யாணம் செய்துவந்த உள்ளுறைப் பணி இது. ஐம்பது பேரோடு நடந்த ஊரடங்குக் கல்யாணத்தில் தாலி ஏறியது, பதிவும் நடந்தது. ஆனால் பத்து ஆண்டுகள் ஊரெல்லாம் செய்துவைத்த பணம் வந்து சேரவில்லை. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு வீட்டார் மொய் அனுப்ப வசதியாக அழைப்பிதழிலேயே க்யூஆர் குறியீட்டை அச்சிட்டது செய்தியானது.

உள்ளுறைப் பணி எப்போதும் உள்ளுக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கமும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பக்கமும் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை. பல குடும்பங்கள் சேர்ந்து பந்தல் போட்டு, கறிச் சோறு போட்டு, ஆளுக்கொரு மேசை வைத்து மொய் வாங்குகின்றன. கல்யாணத்துக்குள் மறைந்திருந்த வேலை தனியே கழன்று வந்து வெளிப்படைப் பணியாகவே ஆகிவிட்டது. விருந்து எதற்கு என்று கேட்டால், அங்கே யாரும் சுற்றி வளைக்கமாட்டார்கள்.

யாருக்கு நன்மை, யாருக்குக் கேடு என்றும் கேட்க வேண்டும் என்றார் மெர்ட்டன். மொய் நோட்டில் அது பளிச்சென்று தெரியும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் அழைப்பிதழ்கள் வரிசையாக வரும். போகாமல் இருந்தால் உறவு போகும். அதனால் வட்டிக்கு வாங்கி மொய் செய்கிறவர்கள் உண்டு. வட்டியில்லாக் கடன் அங்கே கந்துவட்டியில் போய் முட்டுகிறது. இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிள்ளையில்லாதவர், இளம் வயதில் கணவனை இழந்து விசேஷ வீடுகளில் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புகிற பெண். இவர்களும் ஆண்டுக்கணக்கில் செய்கிறார்கள். திருப்பி வாங்க இவர்கள் வீட்டில் விசேஷம் வருவதில்லை. ஊர் நோட்டுகளிலெல்லாம் இவர்கள் பெயர் இருக்கும், இவர்களுக்கென்று ஒரு நோட்டு இருக்காது.

வணக்கம்.