அடிவாரத்து முயலும் அதன் அத்தனை சொந்தங்களும்

(சேலத்தில் பள்ளி ஆசிரியர்களும் கதைசொல்லிகளும் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்துக் கதை ஒன்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். அடிவாரத்து ஊர்களிலும் ஏற்காட்டு மலைப் பள்ளிகளிலும் பல வருஷமாகச் சொல்லி, தவறிய இடங்களில் திருத்தி, இன்றைக்கு ஓரளவு நிற்கிற கதை அது.

மூலக் கதையை எழுதியவர் ஜான் கே என்ற ஆங்கிலக் கவிஞர். 1727இல் 50 நீதிக்கதைகளைச் செய்யுளாக வெளியிட்டார். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த இளவரசர் வில்லியமுக்காக எழுதிய நூல். அதில் கடைசிக் கதை, பல நண்பர்கள் கொண்ட முயலின் கதை. அரண்மனையில் ஒரு நல்ல பதவி கிடைக்கும் என்று அவர் வெகுகாலம் காத்திருந்தவர். அதே ஆண்டில் அவருக்கு வந்தது, இரண்டு வயது இளவரசிக்குப் பணிவிடை பார்க்கும் வேலை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரண்மனைச் சிரிப்புகளை அருகில் இருந்து பார்த்தவர் எழுதிய கதை என்பது அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

கதை சின்னதுதான். யாரையும் நோகடிக்காத ஒரு முயல். காட்டிலும் மேய்ச்சலிலும் இருக்கிற எல்லாரும் அதற்கு நண்பர்கள். ஒருநாள் விடியற்காலையில் வேட்டை நாய்கள் துரத்துகின்றன. ஓடி ஓடிக் களைத்துப்போய் குதிரையிடம் கேட்கிறது, காளையிடம் கேட்கிறது, பிறகு வெள்ளாடு, செம்மறி, கன்றுக்குட்டி. ஒவ்வொருவரும் இனிமையாகப் பேசி, பின்னால் வருகிறவரைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். கன்று விடைபெறுகிறது, நாய்கள் கண்ணில் படுகின்றன. அங்கேயே கே நிறுத்திவிடுகிறார்.

முதல்முறை சொன்னபோது குதிரைக்குப் பதிலாக யானையைப் போட்டேன். பெரிய மிருகம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "நம்ம மலையில யானை ஏதுங்க?" என்று கேட்டாள். அதோடு கதை நின்றுபோனது. இப்போது அந்த இடத்தில் காட்டுமாடு நிற்கிறது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதன் வெள்ளைக் காலுறையும் கொம்பும் அத்துபடி. அது சும்மா குறுக்கே வந்து நின்றாலே போதும், நாய்கள் திரும்பிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நமக்கு வேண்டியது அதுதான். உதவி செய்ய முடிந்தவர், செய்யாமல் போக வேண்டும்.

துரத்துகிற மிருகத்தில் இன்னொரு பாடம் கற்றேன். பயம் கூடட்டும் என்று ஒருமுறை சிறுத்தையை விட்டேன். பிள்ளைகள் பயந்தார்கள். ஆனால் முடிவில், "ஆடு பாவம், சிறுத்தைகிட்ட அது என்ன பண்ணும்?" என்றார்கள். நியாயமான கேள்வி. ஆபத்தை நான் பெரிதாக்கியதும் நண்பர்களின் சாக்கெல்லாம் உண்மையான காரணமாகிவிட்டது, நீதி கரைந்துவிட்டது. ஆகவே மறுபடி நாய்களுக்கே வந்தேன். ஊர் எல்லையில் திரிகிற மூன்று நாய்கள், அவ்வளவுதான். எருது ஒரு முட்டு முட்டினால் ஓடிவிடுகிற நாய்கள்.

முயலை மட்டும் மாற்றவே இல்லை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் கதைகளில் முயல் என்றாலே கெட்டிக்காரன். சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "இப்ப அது ஏதாச்சும் தந்திரம் பண்ணும்" என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். தந்திரம் பண்ண வைத்தால் கதை புத்திசாலித்தனத்தைப் பற்றியதாகிவிடும். வளைக்குள் ஓட வைத்தாலும் கதை முடிந்துவிடும். நல்லவேளையாக நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை, புதரடியில் ஒரு பள்ளம் செய்து படுத்துக்கொள்ளும். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: "இந்த முயலுக்கு வளையும் இல்ல, தந்திரமும் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் இனிக்க இனிக்கப் பேசறதுதான்."

நட்பை எப்படிக் காட்டுவது என்பதில்தான் நெடுநாள் தடுமாறினேன். "எல்லாரும் அதுக்கு நண்பர்கள்" என்று சொன்னால் பாடப்புத்தகம் வாசிப்பதுபோல் இருக்கிறது. நம் ஊரில் ஒருவர் எல்லாருக்கும் வேண்டியவர் என்பதை எப்படி அறிகிறோம்? அவர் எல்லாரையும் முறை வைத்துக் கூப்பிடுவார். அதைப் பிடித்துக்கொண்டேன். முயலுக்குக் காட்டுமாடு பெரியப்பா, எருது மாமா, வெள்ளாடு அக்கா, செம்மறி அண்ணன், கன்று தம்பி. ஒரே காலையில் இத்தனை முறையும் கூப்பிட்டுக்கொண்டு கரட்டைச் சுற்றி ஓடுகிறது. யார் வீட்டிலும் உட்கார்ந்து ஒரு நேரம் பேசியதில்லை.

இனி சாக்குகள். கதையின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது. மூலத்தில் காளை சொல்வது, தனக்குப் பிரியமான பசு வாற்கோதுமைப் போர் அருகே காத்திருக்கிறது, பெண் விஷயம் என்றால் மற்றதெல்லாம் அப்புறம்தானே என்று. வாற்கோதுமைப் போரை வைக்கோல் போராக மாற்றுவது சுலபம். ஆனால் அந்த சாக்கின் வேலை என்ன? அந்தச் சபையில் எவரும் மறுத்துப் பேச முடியாத காரணம் அது. நம் ஊரில் அப்படி மறுக்க முடியாத காரணம் சாமி காரியம். ஆகவே என் எருது இப்படிச் சொல்கிறது: "கண்ணு, கோயில் வண்டிக்கு என்னத்தான் பூட்டணுமாம், மேளம் கேக்குது பாரு. சாமி காரியம், நீயே சொல்லு, தட்ட முடியுமா? பின்னாலயே அக்கா வருது." ஆடிப் பண்டிகைக்கு ஊரே திரளும் சேலத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதே இல்லை.

வெள்ளாட்டின் பகுதியில் நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. முயலின் நாடி வேகமாக அடிக்கிறது, தலை துவண்டிருக்கிறது, கண் கனத்திருக்கிறது என்று மூலத்திலேயே ஆடு வைத்தியம் பார்க்கிறது. நாடி பிடிப்பது நமக்கு அந்நியமா? நம் வெள்ளாடு சேலம் கருப்பு, மலையடி இலை எல்லாம் ருசி பார்த்தது. "நாடி ரொம்ப ஓடுதே கண்ணு, ஆடாதொடைக் கஷாயம் வச்சுக் குடி" என்கிறது. தான் வாய் வைக்காத இலையைப் பிறருக்குச் சொல்கிறது. அதைப் பிடித்துச் சிரிக்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அடுத்து செம்மறி. மூலத்தில் வெள்ளாடு, "என் முதுகு உன்னைக் குத்தும், செம்மறிக்குக் கம்பளி இருக்கிறது, கதகதப்பாக இருக்கும்" என்று அனுப்பிவைக்கிறது. செம்மறியோ அந்தக் கம்பளிச் சுமையையே காட்டி, தன்னால் வேகமாகப் போக முடியாது என்கிறது. நம் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, உடம்போடு ஒட்டிய குட்டை மயிர்தான். கம்பளி என்று சொன்னால் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை என்னை நம்பாது. ஆகவே வெள்ளாடு இப்போது, "செம்மறி மந்தையா வரும், நடுவுல ஒளிஞ்சுக்கோ" என்கிறது. செம்மறி சொல்கிறது: "தம்பி, முன்னால போற ஆடு நின்னாத்தான் நான் நிக்க முடியும். அதுவும் போக, நாய் எங்களையும் கடிக்குமே." கடைசி வாக்கியம் மூலத்தில் உள்ளது. ஐந்து பேரில் ஒளிவு மறைவு இல்லாமல் பயத்தைச் சொன்னது செம்மறி ஒன்றுதான். அதை நான் விடவே மாட்டேன். எல்லாரையும் ஒரே அச்சில் கெட்டவர்களாக வார்த்தால் பிள்ளைகளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்காது.

கன்றுக்கு மாற்றம் தேவைப்படவில்லை. "பெரியவங்களே ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்க, சின்னவன் நான் முந்திக்கிட்டா மரியாதையா இருக்குமா? என் மனசு உங்களுக்குத் தெரியாதா அண்ணா. போயிட்டு வாங்க." இது லண்டனில் 1727இல் வெளியானது என்று சொன்னால் நம்புவார்களா?

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் கதை வேறு பக்கம் சாய்ந்தது. முடிந்ததும் பிள்ளைகள் சொன்னது, "சொந்தக்காரங்க எல்லாம் மோசம்" என்று. வற்றிய குளத்தைவிட்டுப் பறக்கும் பறவைகளைப் போன்றவர்கள் உறவல்லர் என்று மூதுரை படித்த பழக்கம் நமக்குண்டு. கேட்டவுடன் மனம் அங்கேதான் போகும். ஆனால் கே சொன்ன நீதி அதற்குப் பக்கத்தில் இருந்தாலும் வேறு. பலரை நம்பியிருப்பவருக்கு ஒரு நண்பர் கிடைப்பது அரிது என்கிறார். நட்பை ஒருவரிடம் ஆழமாக வைக்காவிட்டால் அது வெறும் பெயர் என்கிறார். பல தகப்பன்மார் பங்கு போட்டுக்கொண்ட பிள்ளைக்கு ஒரு தகப்பனின் அக்கறையும் கிடைப்பதில்லை என்று உவமையும் சொல்கிறார். அவர் கேள்வி கேட்பது முயலைப் பார்த்து.

எங்கே தவறியது என்று மூலத்தைத் திரும்பப் படித்தபோது புரிந்தது. இந்த வரிகள் கதைக்குள் இல்லை, அதற்கு முன்னால் முகவுரைபோல நிற்கின்றன. நான் முயல் ஓடுவதிலிருந்து தொடங்கியதால் அவற்றை விட்டுவிட்டேன். முடிவில் நீதியாகச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள், ஆனால் முகத்தில் எருது மேலும் கன்று மேலும் இருந்த கோபம் மாறவில்லை.

வழி காட்டியது மலையில் ஒரு பையன். கன்று விடைபெறுகிறது, நாய்கள் வெள்ளைக்கல் மேட்டில் ஏறிவிட்டன, நான் நிறுத்திவிட்டேன். "அப்புறம்?" என்று எல்லாரும் கேட்டார்கள். பின்னால் வந்த ஆங்கிலப் பதிப்பு ஒன்றில் முயல் தப்பித்து ஓடிவிடுகிறது, அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் மட்டும் வேறொன்று கேட்டான்: "ஏனுங்க, அதுக்குப் பக்கத்துப் புதர்ல இன்னொரு முயல் இல்லீங்களா?"

அன்று அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறொரு பள்ளியில் கதையை இப்படித் தொடங்கினேன்: "சேர்வராயன் மலை அடிவாரத்துல ஒரு முயல். பக்கத்துப் புதர்ல இன்னொரு முயல், காலு கொஞ்சம் சாய்ச்சு நடக்கும். அது தினமும் 'உக்காரு, கொஞ்ச நேரம் பேசிட்டுப் போ'ன்னு கூப்பிடும். நம்ம முயல் 'பெரியப்பாவைப் பாத்துட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டு ஓடிடும்." அதன் பிறகு அந்த இரண்டாவது முயலைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கன்று விடைபெறும் இடம் வந்ததும் பிள்ளைகளே அந்தப் புதர் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கிறார்கள்.